தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு

வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கிற ஒருத்தி, "நான் செய்யறதை யாருமே கண்டுக்கறதில்லை" என்று எப்போதாவது வாய்விட்டுச் சொன்னால், ஊரில் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரான கல்லங்குறிச்சியில் நான் கேட்ட பதிலைத்தான் சென்னையில் இருக்கும் என் தங்கையும் கேட்டிருக்கிறாள். "இதெல்லாம் அன்பால செய்யறது. அன்புக்குப் போய்க் கணக்கு பார்ப்பாங்களா? மனசுக்குக் கஷ்டமா இருந்தா அவரை நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லு, சரியாயிடும்."

இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். "சும்மாதானே இருக்கே" என்று குத்துகிறவர்களை விட்டுவிடுவோம். அவர்களுக்கு மறுப்பு எழுதுவது நேர விரயம். நான் மறுக்க நினைப்பது நல்ல மனசோடு சொல்லப்படும் இந்தப் பதிலைத்தான். பெற்ற தாயும் மாமியாரும் இதையே சொல்கிறார்கள். பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்குவதும் இதுதான். இதற்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் போவது அவள் மனசில் எழும் ஓர் உணர்வு என்பது முதல் முடிவு. அந்த உணர்வுக்குப் பாராட்டு மருந்தாகும் என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. அவள் தெரியாமல் போவது மனசில் நடப்பதில்லை, காகிதத்தில் நடக்கிறது. யாரோ ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பும்போது, அவள் வேலை ஒரு விதிப்படி அழிக்கப்படுகிறது. அந்த விதி என்னவென்று பார்த்தால்தான் நாலு நல்ல வார்த்தை ஏன் போதாது என்பது புரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு பசுவாவது கட்டியிருப்பார்கள். விடிகாலையில் ஒருத்தி எழுந்து சாணி அள்ளி, மடி கழுவிப் பால் கறக்கிறாள். பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை, தன் பிள்ளைகளுக்கே வைத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதிப்படி அவள் செய்தது வேலை. சொந்த வீட்டு உபயோகத்துக்கு மட்டும் பால் உற்பத்தி செய்தாலும் அது வேலைதான் என்று கணக்கெடுப்பின் வரையறை சொல்கிறது. அதே பாலை அடுப்பில் ஏற்றி, பொங்காமல் பார்த்துக்கொண்டு, ஆற்றி, எழ மாட்டேன் என்கிற பிள்ளையை எழுப்பிக் குடிக்க வைக்கிறாள். அது வேலை இல்லை. மாட்டின் மடியிலிருந்து பாத்திரத்துக்கு வரும்வரை அவள் உழைப்பாளி. பாத்திரத்திலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும்போது உழைக்காதவள் ஆகிவிடுகிறாள்.

இது எழுத்தரின் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. நாடுகள் தங்கள் மொத்த உற்பத்தியைக் கணக்கிட ஐக்கிய நாடுகள் அவை வகுத்த முறையில், குடும்பம் தனக்காக உருவாக்கும் பொருள் உள்ளே வரும். தனக்காகச் செய்துகொள்ளும் சேவை வெளியே நிற்கும். சமைப்பது, துவைப்பது, பிள்ளை பார்ப்பது எல்லாம் சேவை. மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வுகள் இதைவிடக் கறார். அவற்றில், வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92 என்ற எண்ணும், அதோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் கொண்டுவந்து, வீட்டுக்குத் துணி தைக்கிறவருக்கு 93 என்ற எண்ணும் உண்டு. இரண்டு எண்ணும் உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

இதன் அபத்தம் தமிழ்நாட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஊராட்சிப் பள்ளிகளில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாகவும் இருக்க வேண்டும் என்பது தேர்வுக்கான நிபந்தனைகளில் ஒன்று. அவள் பள்ளியில் கிளறும் ரவை உப்புமா வேலை. அதற்கு ஊதியமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைக்கு வீட்டில் அதே உப்புமாவைக் கிளறினால் அது அன்பு. திங்கட்கிழமை அவளுக்கு அன்பு குறைந்துவிட்டதா? பள்ளியில் சமைக்கிற தாய் கூலி வாங்குவதால் பிள்ளைமேல் பாசமில்லாதவள் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் அன்பும் கணக்கும் ஒரே சட்டியில் இருக்க முடியும் என்பதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். வீட்டுக்குள் மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலையை அளக்க முயன்ற ஓர் ஆய்வும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. 2024இல், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 289 நிமிடம். ஈடுபட்ட ஆண்களுக்கு அது 88 நிமிடம். இந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கிறவளின் நாளை இதுகூட முழுதாகப் பிடிக்கவில்லை. விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை நாளை அரைமணி அரைமணியாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஒரு துண்டில் மூன்று வேலைகள்வரை எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றும் பத்து நிமிடமாவது நீண்டிருக்க வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையின் பெரும்பகுதி பத்து நிமிடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மூக்கைத் துடைப்பது, சண்டை விலக்குவது, தண்ணீர் வருகிறதா என்று குழாயை எட்டிப் பார்ப்பது, காய்ச்சல் இறங்கியதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது, லாரி போகிற சாலைப் பக்கம் குழந்தை ஓடிவிடாமல் ஒரு கண் வைத்திருப்பது. இவை எதற்கும் அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அந்தி சாயும்போது "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேட்டால் அவளுக்கே பதில் வராமல் போவது இதனால்தான். அவள் மறதிக்காரி இல்லை. சொல்வதற்கு ஏற்ற துண்டுகளாக அந்த வேலை வருவதில்லை.

ஆக, அவளை எண்ணவே முடியாது என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். இல்லை. அவள் வேலையை ரூபாய் கணக்கில் எண்ணத் தெரிந்த ஓர் இடம் இந்த நாட்டில் இருக்கிறது. அவள் இறந்த பிறகுதான் அதன் கதவு திறக்கும்.

கல்லங்குறிச்சியைச் சுற்றி இருப்பது சுண்ணாம்புக்கல் பூமி. அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் இந்தச் சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். விபத்து இங்கே அந்நியமான செய்தி இல்லை. வீட்டில் இருக்கிற ஒரு பெண் லாரி மோதி இறந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவள் குடும்பம் மனுப் போடும். அங்கே முதல் கேள்வியே அவள் என்ன தொழில் செய்தாள், மாதம் எவ்வளவு ஈட்டினாள் என்பதுதான்.

பதிலை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். வயது 34. கணவர், மூன்று பிள்ளைகள் என்று அவளை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர். சம்பளம் இல்லாததால் நீதிமன்றம் அவளுக்கு ஒரு உத்தேச வருமானத்தை வைக்கும்; மாதம் 9,000 ரூபாய் என்று கொள்வோம். நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால், வருங்காலத்தில் கூடியிருக்கக்கூடியதற்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 12,600. ஆண்டுக்கு 1,51,200. அவள் உயிரோடு இருந்திருந்தால் தனக்கென்று செலவு செய்திருப்பாள் என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சம் 1,13,400. முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 16. பெருக்கினால் 18,14,400 ரூபாய். இதன்மேல் ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு என்று வேறு சில தொகைகள் வரும்.

இப்போது முதல் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். "வீட்டில் இருந்தவர்தானே" என்று உத்தேச வருமானத்தை 5,000 ரூபாயாகக் குறைத்தால் இதே கணக்கு 10,08,000 ரூபாயில் முடியும். வித்தியாசம் எட்டு லட்சத்துக்கும் மேல். ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் படிப்பதும் படிக்காமல் போவதும் அந்த எட்டு லட்சத்தில் இருக்கலாம். அது தொலைவது "தொழில்: இல்லை" என்ற ஒற்றை வரியில். சிலர் இதற்குப் பயந்து, தையல் வேலை செய்தார், பால் வியாபாரம் செய்தார் என்று மனுவில் எழுதிவிடுவதும் உண்டு. ரசீதும் சாட்சியும் இல்லாமல் அது குறுக்கு விசாரணையில் உடையும்போது, அவள் உண்மையில் செய்த வேலையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகிறது. செய்த வேலையைச் சொல்லக் கூசி, செய்யாத வேலையைச் சொல்லும் நிலைக்கு நாம்தான் அவர்களைத் தள்ளியிருக்கிறோம்.

நீதிமன்றங்கள் இந்த இடத்துக்கு வந்ததும் எளிதாக நடக்கவில்லை. 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில், இறந்த மனைவிக்கு வருமானம் இல்லை என்று கீழே குறைக்கப்பட்ட இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. வீட்டு வேலை செய்யும் பெண்களை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், கைதிகள் ஆகியோரோடு ஒரே வகையில், உழைக்காதவர்கள் என்று சேர்த்திருந்ததை நீதிபதி கங்குலி அந்தத் தீர்ப்பில் கடிந்தார். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கின் அமர்வில் இருந்த நீதிபதி ரமணா 2011 கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார்: வீட்டு வேலையே முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இல்லத்தரசியின் உத்தேச வருமானத்துக்கும் வருங்கால உயர்வு சேர்க்க வேண்டும் என்று அந்த வழக்கு உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில், அந்த வருமானத்தைத் தினக்கூலிக்காரரின் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

அந்த 58 லட்சம் ஆண்களையும் மறந்துவிடக் கூடாது. மனைவி வேலைக்குப் போக, வீட்டில் பிள்ளை பார்க்கும் ஆணின் நிலை இன்னும் மோசம். பெண்ணுக்காவது அன்பு என்று ஒரு பெயர் கொடுக்கிறோம். அவனுக்கு "வேலை கிடைக்காதவன்" என்ற பெயர்தான் கிடைக்கிறது.

அன்புக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பவர்கள் இங்கே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் இறந்ததும் அதே கணவர், அதே பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்களே, அப்போது அன்பு கெட்டுவிட்டதா? கெடவில்லை. இழந்தது என்ன என்பதை உலகத்துக்குப் புரியும் ஒரே எண்ணில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இறந்தபின் சொல்லலாம், உயிரோடு இருக்கும்போது சொன்னால் மட்டும் குடும்பம் கடையாகிவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் தமிழர்கள் அன்பையும் கணக்கையும் பகையாக நினைத்தவர்களே இல்லை. எங்கள் ஊர் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பக்தர்கள் நெல்லும் கம்பும் சோளமும் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். ஆடு மாடு ஓட்டி வருகிறார்கள். அதைவிடக் கைம்மாறு கருதாத கொடுப்பு எது? ஆனால் தானியத்தை அளக்காமல் யாரும் குவிப்பதில்லை. உண்டியலை எண்ணாமல் யாரும் பூட்டுவதில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்று கொடை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. யார் கொடுத்தார், யார் ஆடுகளைப் பொறுப்பேற்றார், நாளுக்கு எவ்வளவு நெய் என்றும் எழுதியிருப்பார்கள். எழுதியதால் பக்தி குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் விளக்குதான் அணைந்திருக்கும்.

"அதுதான் அரசாங்கமே மாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்குதே" என்பது அடுத்த பதில். 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை போகிறது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னதும், பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசு அதை விளக்கியதும் பெரிய காரியங்கள். இதை இலவசம் என்று இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வங்கிக் கணக்கில் தன் பெயரில் வந்து விழும் ஆயிரம் ரூபாயின் அருமை, செலவுக்கு ஒவ்வொரு முறையும் கை நீட்டியவளுக்குத் தெரியும்.

ஆனால் தகுதி விதிகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நஞ்சை ஐந்து ஏக்கருக்கும் புஞ்சை பத்து ஏக்கருக்கும் மிஞ்சக் கூடாது, ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவை குடும்பத்தின் வறுமையைத்தான் அளக்கின்றன. அவள் எத்தனை பிள்ளை பார்க்கிறாள், படுக்கையில் கிடக்கும் மாமனாரைத் துடைக்கிறாளா என்று ஒரு விதியும் கேட்பதில்லை. வறுமைக்கு உதவுவது நியாயமே. ஆனால் கணவரின் சம்பளம் ஏறியதும் மறைந்துபோகும் ஒன்றை உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்ல முடியாது. அவர் சம்பளம் ஏறியதால் இவள் துலக்கும் பாத்திரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் கணவர்தான் சம்பளம் தர வேண்டுமா என்று கேலியாகக் கேட்பார்கள். நான் அதைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறுவதால் எந்தப் பதிவேடும் திருந்தாது. மாதாமாதம் கூலி கொடுத்துவிட்டால் அவள் கூலிக்காரியாகவும் அவர் முதலாளியாகவும் ஆகிப்போவார்கள். நான் கேட்பது பங்கு.

அதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வயதான தம்பதியின் வழக்கில் தீர்ப்பளித்தார். கணவர் 1983 முதல் 1994வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து, வீட்டைப் பார்த்து, அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார். சம்பாதித்தது நான், ஆகவே எல்லாம் எனக்கே என்றார் கணவர். வீட்டைச் சுமக்க ஒருத்தி இருந்ததால்தான் அவரால் கடல் கடந்து சம்பாதிக்க முடிந்தது. அவள் வேலை எட்டு மணி நேரத்தில் முடிவதில்லை. ஆகவே அவளும் சொத்தில் சம உரிமை உள்ளவள் என்றது தீர்ப்பு. நன்றாகக் கவனியுங்கள், இங்கே அவள் உயிரோடு இருக்கிறாள். வேலைக்கு மதிப்புப் போட ஒரு பிணம் தேவைப்படவில்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரு வழக்கின் தீர்ப்பு. மணவாழ்வில் சேர்த்த சொத்தில் இல்லத்தரசிக்குச் சமபங்கு என்று நாடு முழுவதற்குமான சட்டம் இன்னும் இல்லை. ஒவ்வொருத்தியும் முதுமையில் வழக்காடித்தான் பெற வேண்டும் என்றால் பெரும்பாலோர் பெறாமலே போவார்கள். அதனால் சட்டம் வேண்டும். சட்டம் வரும்வரை, வீட்டு மனை வாங்கும்போது பத்திரத்தில் இரண்டு பெயர் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. அன்பு உள்ள கணவருக்கு அது பத்திர எழுத்தரிடம் சொல்லும் ஒரு வாக்கியம். நாலு நல்ல வார்த்தையைவிட அந்த ஒரு வாக்கியம் நீண்ட நாள் நிற்கும்.

இன்னொரு காரியத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். அதை ஒட்டி வீடு வீடாக வருவார்கள். கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் வாசலில் நிற்கும் ஆணிடம்தான் கேட்பார். "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?" "இல்லைங்க, சும்மா வீட்லதான்." அந்தப் பதிலில் அவள் சமையல் மட்டும் போவதில்லை. விதிப்படியே வேலையாக எண்ண வேண்டிய பால் கறவையும், சொந்தக் காட்டில் கூலியில்லாமல் எடுத்த களையும் சேர்ந்தே போகின்றன. ஆகவே கேள்வி கேட்கப்படும்போது அவளே முன்னால் வந்து பதில் சொல்லட்டும். மாடு உண்டா, காட்டு வேலை உண்டா, எத்தனை மாதம் என்று சொல்லட்டும். சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் எழுத அந்தப் படிவத்தில் உரிய கட்டம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கட்டும். அன்பால்தான் செய்கிறாள், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அன்பால் செய்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும்.